ஏற்காட்டுச் சேற்றில் ஓட்டக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையேறி, காபித் தோட்டத்து மண் ரோட்டில் ஓடுகிறவர்கள் மழைக்காலம் வந்தால் என்னிடம் கேட்பவை இவை. நான் பயிற்சியாளர் இல்லை. பல வருஷமாகச் சேர்வராயன் மலையில் நனைந்துகொண்டே ஓடி, பலமுறை வீட்டில் சொன்ன நேரத்துக்குத் திரும்பாமல் திட்டு வாங்கியவன். அதில் கற்ற கணக்கைத்தான் சொல்கிறேன்.

தார் ரோட்டில் கிலோமீட்டருக்கு 6:30 ஓடுவேன். மழைக்கு அப்புறம் மண் ரோட்டில் எத்தனை சதவீதம் கூட்டணும்?

ஒரே எண் கிடையாது. காலடியைப் பார்த்து முடிவு செய்யணும். மண் நனைந்திருக்கிறது, ஆனால் ஷூவின் தடம் லேசாகத்தான் பதிகிறது என்றால் 5 சதவீதம் போதும். குதிகால் ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே போகிறது, பின்னங்கால் லேசாக வழுக்குகிறது என்றால் 15. மண் ஷூவில் அப்பிக்கொண்டு கூடவே வருகிறது, ஒவ்வொரு அடியும் எங்கே நிற்கும் என்று தெரியவில்லை என்றால் 30. கணுக்கால் வரை போனால் சதவீதம் வேண்டாம், அது நடை. நடைக்கான நேரத்தைப் போடுங்கள்.

இவை நான் தொடங்குவதற்கு வைத்திருக்கும் எண்கள், ஆய்வகத்து எண்கள் அல்ல. உங்கள் எண் வேறாக இருக்கலாம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கீழே சொல்கிறேன்.

ஒன்று மட்டும் முதலிலேயே. இந்தச் சதவீதம் சேறு இருக்கும் தூரத்துக்கு மட்டும்தான். 12 கிலோமீட்டர் சுற்றில் 2 கிலோமீட்டர்தான் மோசமான சேறு என்றால், மொத்தத்துக்கும் 30 கூட்டி வைக்கிற பழக்கத்தை விடுங்கள்.

20 சதவீதம் மெதுவாக ஓடுவது என்றால் பேஸில் 20 சதவீதம் கூட்டுவதா, வேகத்தில் 20 சதவீதம் குறைப்பதா? ரெண்டும் ஒண்ணுதானே?

ரெண்டும் ஒன்று இல்லை. நண்பர்களுக்குள் கணக்கு மாறிப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டர் ஓட ஆகும் நேரம், 6 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மணிக்கு 10 கிலோமீட்டர். பேஸில் 20 சதவீதம் கூட்டினால் 6 × 1.20 = 7.2, அதாவது 7 நிமிடம் 12 விநாடி. வேகத்தில் 20 சதவீதம் குறைத்தால் மணிக்கு 8 கிலோமீட்டர், அதாவது 7 நிமிடம் 30 விநாடி. கிலோமீட்டருக்கு 18 விநாடி வித்தியாசம். 10 கிலோமீட்டர் ஓடினால் 3 நிமிடம்.

சின்ன சதவீதத்தில் இது பெரிதாகத் தெரியாது. 40 வந்தால்தான் கடிக்கும். பேஸில் கூட்டினால் 8:24, வேகத்தில் குறைத்தால் 10:00. அதே 10 கிலோமீட்டரில் 16 நிமிடம் தள்ளிப்போகிறது. ஒருவர் "சேற்றில் 40 சதவீதம் போயிடுச்சு" என்று சொன்னால் எதில் 40 என்று கேட்டுவிட்டுத்தான் நம்பணும். இந்தப் பக்கத்தில் நான் எப்போதும் பேஸில், அதாவது நேரத்தில்தான் கூட்டுகிறேன். நேரத்தைக் கூட்டிக்கழித்துப் போடும் கணக்குக்கு அதுதான் வசதி.

0.2 நிமிடத்தை 20 விநாடி என்று எழுதுகிறவர்களும் உண்டு. 7.2 நிமிடம் என்றால் 7:20 இல்லை, 7:12. தசமத்துக்குப் பின்னால் வருவதை 60-ஆல் பெருக்கணும்.

என்னுடைய சதவீதத்தை நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், ஒரு காலை போதும். அளவு தெரிந்த 500 மீட்டர் மண் ரோடு ஒன்றைப் பிடியுங்கள். ஏற்றம் இறக்கம் இல்லாததாக இருந்தால் நல்லது. மலையில் அப்படி இடம் கிடைப்பது கஷ்டம் என்பதால், போய்த் திரும்பி வந்து ரெண்டின் சராசரியை எடுங்கள்.

மழையில்லாத நாளில் ஓடுங்கள். அப்புறம் மழை பெய்த மறுநாள் அதே இடத்தில் ஓடுங்கள். ரெண்டு முறையும் மூச்சு ஒரே மாதிரி இருக்கணும், அதுதான் முக்கியம். என் அளவுகோல் பேச்சு. ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிற நிலை. இதயத் துடிப்பு காட்டும் வாட்ச் இருந்தால் அதே துடிப்பில் வைத்துக்கொள்ளலாம். சேற்றில் பிடிவாதமாகப் பழைய பேஸையே ஓடிப் பார்த்தால் சதவீதம் குறைவாகத்தான் வரும், ஆனால் அந்த ஓட்டத்தை 12 கிலோமீட்டருக்கு இழுக்க முடியாது.

போன நவம்பரில் எனக்கு வந்தது: காய்ந்த மண்ணில் 500 மீட்டருக்கு 3 நிமிடம் 10 விநாடி, நனைந்த மண்ணில் 3:41. விநாடியில் 190, 221. 221-ஐ 190-ஆல் வகுத்தால் 1.163. அந்த மண்ணுக்கு என் எண் 16 சதவீதம். இதில் ஒரு நுணுக்கம்: நான் ஒப்பிட்டது காய்ந்த மண் ரோட்டோடு, தார் ரோட்டோடு அல்ல. காய்ந்த மண் ரோடு எனக்குத் தாரைவிடக் கொஞ்சம்தான் மெதுவாக இருக்கும் என்பதால் கவலைப்படவில்லை. உங்களுக்கு அந்த வித்தியாசம் பெரிதாக இருந்தால் தார் ரோட்டு நேரத்தையும் எடுத்து வகுத்துக்கொள்ளுங்கள்.

வாட்ச் காட்டும் அந்தந்த நேரத்துப் பேஸை இதற்கு நம்பாதீர்கள். சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில், மலைச்சரிவை ஒட்டி ஓடும்போது GPS கோடு ரோட்டுக்கு வெளியே அலையும். அளந்த தூரமும் ஸ்டாப்வாட்சும் போதும். அப்புறம் Strava காட்டும் GAP என்ற எண் சரிவை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறது. காலுக்கடியில் சேறா சிமெண்டா என்று அதற்குத் தெரியாது.

சேறு ஏன் இவ்வளவு நேரத்தைத் தின்கிறது? ஷூ கனத்துப்போவதாலா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் ஓட்டம் முடிந்து, ஷூவைக் கழுவாமல் பையில் போட்டுக் கொண்டுவந்து வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்தேன். அம்மாவின் முகத்தை இங்கே விவரிக்க வேண்டாம். காய்ந்த ஷூ 290 கிராம். சேற்றோடு 640. ஒரு காலுக்கு 350 கிராம் மண் சுமந்திருக்கிறேன்.

ஓட்டக்காரர்கள் நெடுநாளாகச் சொல்லும், ஆய்வுகளும் ஏறத்தாழ ஒத்துக்கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு: ஒரு ஷூவுக்கு 100 கிராம் கூடினால் ஓட்டத்தின் ஆற்றல் செலவு ஏறக்குறைய 1 சதவீதம் கூடும். அப்படியானால் 350 கிராம் மண்ணுக்கு 3.5 சதவீதம்தான். 30 சதவீதத்தில் பெரும்பகுதி எங்கே போனது?

வழுக்கலில் போகிறது. பின்னால் தள்ளும் கால் சறுக்கினால் அந்த உந்துதலில் ஒரு பங்கு வீண். வழுக்குமோ என்று முன்கூட்டியே அடியைச் சின்னதாக்கிக் கொள்கிறோம், கால்களை அகலமாக வைக்கிறோம், உடம்பைப் பின்னால் சாய்க்கிறோம். மண் காலை விடாமல் பிடிக்கும்போது அதைப் பிடுங்கி எடுப்பதற்கும் பலம் வேண்டும். அதனால் ஷூவை மாற்றினால் எண் மாறும். அடிப்பாகத்தில் ஆழமான, இடைவெளி அதிகமான பற்கள் உள்ள டிரெயில் ஷூ போட்டபோது அதே செம்மண்ணில் என் 30, 22 ஆனது. நெருக்கமான பற்கள் இருந்தால் ரெண்டே நிமிடத்தில் மண் அடைத்து, செருப்பு மாதிரி வழுக்கும். நான் அடிக்கடி ஒரு சில்வர் ஓக் குச்சியால் பற்களுக்கு நடுவே சுரண்டி எடுப்பேன். அதற்கு ஒரு நிமிடம் ஆகும், சும்மா இல்லை.

சேர்வராயனில் செம்மண் அதிகம். பாக்சைட் கிடைக்கும் மலை இது. மழை நின்ற உடனே அந்த மண் ஓடை மாதிரி தளதளவென்று இருக்கும், அப்போது அவ்வளவு ஒட்டாது. பாதி காய்ந்த நிலையில்தான் அப்பிக்கொள்ளும். மழைக்கு மறுநாள் மதியம் தான் மோசமான நேரம், பலரும் எதிர்பார்க்காத நேரம்.

12 கிலோமீட்டர் சுற்று ஒன்றுக்கு எப்படி நேரம் போடுவது? முழுசாக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

என் கணக்கின் அடிப்படை பேஸ் 6:30, அதாவது 6.5 நிமிடம். இது நான் சிரமமில்லாமல் ஓடும் பேஸ், பந்தய பேஸ் அல்ல. சுற்றை நாலாகப் பிரிக்கிறேன்.

முதல் துண்டு 3 கிலோமீட்டர் தார் ரோடு, மொத்த ஏற்றம் 60 மீட்டர். ரெண்டாவது 4 கிலோமீட்டர் எஸ்டேட் மண் ரோடு, 120 மீட்டர் ஏற்றம், 15 சதவீதச் சேறு. மூன்றாவது 2 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை, ஒட்டும் செம்மண், முழுக்க இறக்கம், 30 சதவீதம். நாலாவது 3 கிலோமீட்டர், சரளை கலந்த ரோடு, 30 மீட்டர் ஏற்றம், 5 சதவீதம்.

ஏற்றத்துக்கு ஒரு எளிய விதி: 100 மீட்டர் உயரம் ஏறுவதை 1 கிலோமீட்டர் சமதள ஓட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். டிரெயில் ஓட்டப் பந்தயங்களின் கடினத்தை அளக்க ஐ.டி.ஆர்.ஏ. என்ற சர்வதேச அமைப்பும் இதே மாதிரிதான் தூரத்தோடு உயரத்தைச் சேர்க்கிறது. சேற்றின் சதவீதத்தை உண்மையான தூரத்துக்கு மட்டும் போடுங்கள், ஏற்றத்துக்கான கூடுதல் தூரத்துக்குப் போட வேண்டாம். ரெண்டையும் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றினால் கணக்கு ஊதிப்போகும்.

கூகுள் ஷீட்டில் ரெண்டாவது துண்டை இப்படிப் போடலாம்:

```
=6.5*(4*1.15+120/100)
```

விடை 37.7 நிமிடம், அதாவது 37:42. இதே மாதிரி முதல் துண்டு 6.5 × (3 + 0.6) = 23:24. மூன்றாவது 6.5 × 2 × 1.30 = 16:54. நாலாவது 6.5 × (3 × 1.05 + 0.3) = 22:26. கூட்டினால் 100 நிமிடம் 26 விநாடி. தண்ணீர், எஸ்டேட் கேட், ஷூ சுரண்டல் எல்லாவற்றுக்கும் 6 நிமிடம் சேர்த்து, ஒரு மணி 46 நிமிடம் என்று எடுத்துக்கொள்வேன். வீட்டில் 2 மணி நேரம் என்று சொல்லிவிட்டுப் போவேன்.

இப்போது இதைப் பாருங்கள். மழையில்லாத நாளில், ஏற்றத்தைக்கூடக் கணக்கில் எடுக்காமல் 12 × 6.5 போட்டால் 78 நிமிடம். ஏற்றத்துக்கு மட்டும் 13:39 கூடுகிறது. சேற்றுக்குக் கூடியது 8:47. சேறு சேறு என்று பயப்படுகிறோம், ஆனால் இந்தச் சுற்றில் மலைதான் அதிக நேரம் தின்கிறது. ஏற்றத்தையும் சேர்த்து மொத்தத்துக்கும் 30 சதவீதம் என்று போட்டிருந்தால் 119 நிமிடம் வந்திருக்கும். அதை நம்பிக் காலை ஆறு மணி பஸ்ஸுக்கு அலைய வேண்டியதில்லை.

இறக்கத்தில் ஏன் 30 போட்டீர்கள்? இறக்கத்தில் வேகமாகத்தானே போவோம்?

காய்ந்த நாளில் ஆமாம். அதே 2 கிலோமீட்டர் இறக்கத்தை நான் காய்ந்த நாளில் கிலோமீட்டருக்கு 5:50-ல் ஓடுவேன். மொத்தம் 11:40. சேற்றில் 16:54. அந்த 5:50-ஐ வைத்துப் பார்த்தால் இது 45 சதவீதம் மெதுவு. சமதளத்து 6:30-ஐ வைத்துப் பார்த்தால் 30. ரெண்டும் சரிதான், எதிலிருந்து எடுத்தோம் என்பதுதான் கேள்வி. நான் எல்லாத் துண்டுக்கும் சமதள பேஸையே அடிப்படையாக வைக்கிறேன், இல்லாவிட்டால் தலை சுற்றும்.

சேற்று இறக்கத்தில் இறக்கத்தின் லாபம் முழுக்கப் போய்விடும், ஏனென்றால் ஓடுவதைவிடப் பிரேக் போடுவதே வேலையாகிறது. அங்கே நேரத்தை மீட்டுவிடலாம் என்று நினைத்தால் விழுந்துதான் எழ வேண்டியிருக்கும். நான் ஒருமுறை மிளகுக் கொடி படர்ந்த மரத்தைப் பிடித்து நின்றேன். உள்ளங்கை எரிச்சல் ரெண்டு நாள் இருந்தது.

செங்குத்தான ஏற்றத்துக்குக் குறுக்குவழி வேறு. ஓட முடியாமல் நடக்கிறீர்கள் என்றால் 100 மீட்டர் உயரத்துக்கு 10 நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன நடைக் கணக்கும் ஏறக்குறைய அதேதான்: 3 மைலுக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி.

பாதி வழியில் நேரம் தாண்டிவிட்டால் தொடரணுமா, திரும்பணுமா?

கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யணும், மனசைக் கேட்டு அல்ல. அதற்கு ஒரே ஒரு சோதனை இடம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன சுற்றில் அது ரெண்டாவது துண்டின் முடிவு. திட்டப்படி அங்கே 61 நிமிடத்தில் இருக்கணும்.

70-வது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது நிமிடம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் துண்டு திட்டப்படியே 23:24-ல் முடிந்திருந்தால், மண் ரோட்டுக்கு 46:36 ஆகியிருக்கிறது. ஏற்றத்துக்கான 7:48-ஐக் கழித்தால் 38:48. அந்த 4 கிலோமீட்டருக்குச் சேறில்லாத நேரம் 26 நிமிடம். 38.8-ஐ 26-ஆல் வகுத்தால் 1.49. நான் 15 என்று போட்டது 49 ஆகியிருக்கிறது. அப்படியென்றால் அடுத்து வரும் ஒற்றையடிப் பாதை 30-ல் நிற்காது, முக்கால்வாசி நடைதான். அந்த இடத்தில் நான் தார் ரோட்டுக்குத் திரும்பிவிடுவேன். தூரம் கூடினாலும் பரவாயில்லை, நேரம் எவ்வளவு என்று தெரியும்.

சாயங்காலம் ஓடினால் இது இன்னும் முக்கியம். நவம்பர் நடுவில் இங்கே சூரியன் 5.50 வாக்கில் மறைகிறது. மரநிழலுக்குள் அதற்கு அரைமணி முன்பே கால் வைக்கும் இடம் தெரியாமல் போகும். 2 மணி நேரத்தை எண்ணி, 3.15-க்குள் கிளம்ப முடியாவிட்டால் தார் ரோட்டு ஓட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரெண்டாவது சுற்று ஓடினால் அதே கணக்கா?

இல்லை. முதல் சுற்றில் நீங்களும் மற்றவர்களும் மிதித்த தடத்தில் சேறு குழம்பியிருக்கும், காலும் சோர்ந்திருக்கும். நான் சேற்றுத் துண்டுகளில் மட்டும் இன்னும் 5 கூட்டி, 15-ஐ 20 ஆகவும் 30-ஐ 35 ஆகவும் போடுவேன். ஓரத்தில் புல் இருந்தால் அதில் ஓடலாம், ஆனால் காபிச் செடி வரிசைக்குள் இறங்காதீர்கள்.

அக்கா வீடு கடலூரில். சில்வர் பீச் மணலில் ஓடும்போதும் இந்த எண்களையே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. மணலின் இயல்பு களிமண்ணுக்கு நேர் எதிர். களிமண் நனைந்தால் கெடும், மணல் நனைந்தால் இறுகும். அலை வந்துபோகும் ஈர ஓரத்தில் 5 முதல் 10 சதவீதம் போதும். மேலே காய்ந்து தளர்ந்த மணலில் 30-லிருந்து தொடங்குங்கள், ஆழமாக இருந்தால் 50 வரைக்கும் போகும்.

1998-ல் வந்த ஓர் ஆய்வில், மணலில் ஓடுவதற்கு உறுதியான தரையில் ஓடுவதைவிட 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று அளந்தார்கள். காலின் கீழே மணலை நகர்த்துவதற்கும், தசை திறன் குறைந்து வேலை செய்வதற்கும் அது போகிறது. அதனால் பேஸில் 60 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு, 500 மீட்டர் சோதனை செய்து உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள். மறுநாள் கெண்டைக்கால் தான் முதலில் கேள்வி கேட்கும். கடற்கரை சரிந்திருந்தால் போன பக்கமே திரும்பி வாருங்கள், இல்லையென்றால் ஒரே கால் தாழ்வாக ஓடிக்கொண்டிருக்கும்.

எஸ்டேட் ரோட்டில் ஓட அனுமதி வேண்டுமா?

பல ரோடுகள் தனியார் தோட்டத்துக்குள் போகின்றன. கேட்டில் கேட்டுவிட்டுப் போங்கள், ஒரு நிமிடம் ஆகும், அந்த நிமிடமும் மேலே சொன்ன ஆறில் அடக்கம். போன மாதம் ஒரு தோட்டக்காரப் பெரியவர் என்னை நிறுத்தி, "தம்பி, அந்த வளைவு தாண்டி காட்டெருமை நிக்குது, இன்னிக்கு இந்தப் பக்கம் போங்க" என்றார். ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதல், சரளை ரோடு. 6.5 × 1.5 × 1.05, பத்து நிமிடம் பதினான்கு விநாடி. நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டு, வீட்டுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டு அந்தப் பக்கமே ஓடினேன்.